வெள்ளம் வடிந்த வீடும் அடுத்த முப்பது நாளும்: புண், தண்ணீர், எலிக்காய்ச்சல்

சிகாமாட், லாபிஸ் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளம் புதிதல்ல. வடகிழக்குப் பருவமழை வலுத்தால் ஆறு ஏறும், தாழ்வான தாமானும் தோட்டத்து வரிசை வீடுகளும் முழுகும். 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமே 2007 ஜனவரியிலும் என இரண்டு முறை அடித்தது. 2023 மார்ச்சில் மறுபடி வந்தது. தண்ணீர் ஏறும்போது என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் அத்துப்படி: கார்டு, துணிமணி, மருந்து எடுத்துக்கொண்டு நிவாரண மையத்துக்குப் போய்விடுவார்கள். உடம்புக்கு ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தண்ணீர் வடிந்து, துடைப்பமும் வாளியுமாக வீட்டுக்குத் திரும்பும் அந்த முதல் நாளில்தான் காலில் வெட்டு விழுகிறது, சேறு கண்ணில் தெறிக்கிறது, கழுவாத கையோடு சாப்பிடுகிறோம். அதன் விளைவு அன்றைக்குத் தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலாக வரும்போது வெள்ளத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கதவைத் திறக்கும் நேரம் முதல் முப்பது நாள் வரை என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம். நடுவில் இருப்பது எலிக்காய்ச்சல் என்கிற எலிச்சிறுநீர் நோய், நம் ஊரில் எல்லாரும் கென்சிங் திகுஸ் என்று சொல்வது. புண்ணையும் தண்ணீரையும் அதிலிருந்து பிரிக்க முடியாது, ஏனென்றால் மூன்றுக்கும் காரணம் வீட்டுக்குள் படிந்த அதே சேறுதான்.

தோட்டத்துப் பக்கம் ஏன் கூடுதல் கவனம்

செம்பனைத் தோட்டத்தில் எலிக்குத் தீனிக்குப் பஞ்சமே இல்லை. உதிரிப் பழமும் மரத்தில் பழுக்கும் குலையும் அதற்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. எலியைக் கட்டுப்படுத்தப் பல தோட்டங்களில் பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நிலம் முழுகினால் இந்த எலிகள் மேடான இடம் தேடி வரிசை வீட்டுக் கூரைக்கும் ஸ்டோருக்கும் வந்துவிடும்.

நோயைக் கொடுப்பது லெப்டோஸ்பைரா என்ற கிருமி. அது எலியின் சிறுநீரகத்தில் தங்கிவிடுகிறது. எலிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மாதக்கணக்கில் சிறுநீர் வழியாகக் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நாய், மாடு, ஆடு, பன்றி மூலமாகவும் பரவலாம். ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நன்றாகக் காய்ந்தால் சீக்கிரம் செத்துவிடும், பிளீச்சும் அதைக் கொல்லும். ஈரமாகக் கிடக்கும் ஸ்டோரும், வீட்டுக்குப் பின்னால் அடைத்துக் கிடக்கும் லோங்காங்கும் நடுக்கூடத்தைவிட ஆபத்தானவை என்பது இதனால்தான்.

உடம்புக்குள் நுழைய அதற்குப் பெரிய காயம் வேண்டாம். சின்னக் கீறல், கால்விரல் இடுக்குப் புண், கண், மூக்கு, வாய் எதுவும் போதும். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய பாதத்தின் தோலும் தடுப்பாக நிற்காது. பழம் வெட்டுகிறவர்கள் கையில் முள் குத்திய தடமும் காலில் கீறலும் இல்லாத நாளே அபூர்வம். "காயம் ஒன்றும் இல்லையே" என்று அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சேற்றில் இறங்கும் முன் காலை விரல் விரலாகப் பார்ப்பது நல்லது.

கழுவத் தொடங்கும் முன்

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தடித்த ரப்பர் கையுறை, நீளக் காற்சட்டை. மேல்கூரையையோ உயரத்தையோ கழுவினால் கண்ணாடியும் முகமூடியும். சிலிப்பர் போட்டுக்கொண்டு செய்யும் வேலை இது இல்லை. சேற்றுக்குள் உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த ஜிங்க் தகடு, ஆணி எல்லாம் புதைந்து கிடக்கும். ஏற்கெனவே புண் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டரை ஒட்டி, அதற்கு மேல் பூட்ஸ் போடுங்கள். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அதோடு வேலையைத் தொடர வேண்டாம். உள்ளே ஊறும் காலின் தோல் கிருமியைத் தடுக்காது. கழற்றி, காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். மின்சார மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

கழுவும் வரிசை: முதலில் சேறு, அப்புறம்தான் பிளீச்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். வாடை தாங்காமல் வாசலிலிருந்தே பிளீச்சைச் சேற்றின் மேல் ஊற்றுவார்கள். சேற்றில் உள்ள அழுக்கும் கழிவும் குளோரினை இழுத்துக்கொள்ளும், கிருமியைக் கொல்ல மிச்சம் ஒன்றும் இருக்காது. வாடை மாறியிருக்கும், தரை சுத்தமாகியிருக்காது.

சேற்றை மண்வெட்டியால் அள்ளி வெளியே கொட்டுங்கள். காய்வதற்குள் செய்தால் தூசி பறக்காது. பிறகு தண்ணீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளிவாக ஓடும் வரை கழுவுங்கள். உயர அழுத்தப் பம்பு வைத்திருந்தால் ஸ்டோரிலும் லோங்காங்கிலும் அதைப் பயன்படுத்த வேண்டாம். எலிச்சிறுநீர் கலந்த தண்ணீர் பொடித்துளியாகத் தெறித்து முகத்தில் படும். அதற்குப் பிறகு பிளீச். வாசனை சேர்க்காத, ஐந்து முதல் ஆறு சதவீத பிளீச்சாக இருந்தால், தரைக்கும் சுவருக்கும் 10 லிட்டர் வாளித் தண்ணீரில் அரை கப், அதாவது சுமார் 125 மில்லி. எலிப்புழுக்கையோ கூடோ செத்த எலியோ கண்ணில் பட்ட இடத்துக்கு இது போதாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அந்த இடம் நனைய ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு துடைத்தெடுங்கள். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது.

கலவையை அன்றன்றைக்கே கலக்க வேண்டும், நேற்று கலந்ததில் வலு குறைந்திருக்கும். பிளீச்சை கழிவறை கழுவும் ஆசிட்டோடு எக்காரணத்தைக் கொண்டும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு மூடிய குளியலறைக்குள் நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். சன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், கடைசியாக வீட்டை நன்றாகக் காயவிடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் மெத்தையைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று தோன்றும். வெள்ளத்தில் ஊறிய மெத்தையும் தலையணையும் உள்ளே காய்வதில்லை, தூக்கிப் போடுவதுதான் ஒரே வழி.

சமையலறையில் மரப்பலகை, பிளாஸ்டிக் பால்புட்டி, ரப்பர் முலை ஆகியவற்றைத் தூக்கிப் போடுங்கள். எவர்சில்வர், கண்ணாடிப் பாத்திரங்களைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின், 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து முக்கியெடுத்துத் தானாகக் காயவிடலாம். டின் சாமான்களைக் கவனியுங்கள். ஸ்டோரில் இருந்த சார்டின் டின்னின் மூடி விளிம்பில் எலி சிறுநீர் படிந்திருக்கலாம், அதைத் துடைக்காமல் திறந்தால் நேராக உணவில் விழும். லேபிளைக் கிழித்து, டின்னைச் சோப்பால் கழுவி, பிளீச் கலவையில் முக்கியெடுத்த பிறகே திறங்கள். வீங்கிய, நசுங்கிய டின் வேண்டாம்.

புண்

கழுவும்போது கால் கீறிவிட்டது என்றால் "முடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். வெளியே வந்து, ஓடும் சுத்தமான தண்ணீரும் சோப்பும் வைத்துக் குறைந்தது ஐந்து நிமிடம் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தால் கொதித்து ஆறிய தண்ணீர். புண்ணுக்குள் மண் துகள் தெரிந்தால் அது வெளியேறும் வரை தண்ணீரை விடுங்கள். மஞ்சள், காப்பித்தூள், மண்ணெண்ணெய், பல்விளக்கும் பசை, இவை எல்லாம் தோட்டத்தில் இன்னமும் பார்க்கிற வைத்தியங்கள். இவை புண்ணை மூடி அழுக்கை உள்ளேயே பூட்டிவிடும், டாக்டருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மறைத்துவிடும். பிளீச்சும் புண்ணில் படக்கூடாது, அது சதையையே அரிக்கும்.

ஆணியோ துருப்பிடித்த தகடோ குத்தினால், ஆழமான காயம் என்றால், அன்றைக்கே கிளினிக்குக்குப் போய் டெட்டனஸ் என்ற தசைவிறைப்பு நோய்க்கான ஊசி பற்றிக் கேளுங்கள். அழுக்குப் புண் என்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள். எப்போது போட்டது என்று நினைவில்லை என்றாலும் போடுவார்கள்.

மறுநாள் புண்ணைச் சுற்றிச் சிவந்திருந்தால் பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால், அல்லது புண்ணின் அளவுக்கு மீறிய வலி, சீழ், காய்ச்சல், காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு தெரிந்தால் மறுநாள் காலை வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீரிழிவைப் பற்றி முன்பே சொன்னோம். பாதத்தில் உணர்வு மங்கிய நீரிழிவுக்காரர்களுக்கு ஆணி குத்தியதே தெரியாது. அதைவிட மோசமானது மெலியோய்டோசிஸ். நம் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் இந்த நோய் நீரிழிவு உள்ளவர்களையே அதிகம் தாக்குகிறது. புண் வழியாக நுழைந்து நுரையீரல், இரத்தம் எல்லாம் போய்விடும், சாதாரண ஆண்டிபயாட்டிக்குக்கு மசியாது. 2010-ல் பகாங், மாரான் பக்கம் லூபுக் யூவில் தண்ணீரில் தேடுதல் வேலையில் இருந்தவர்களிடையே மெலியோய்டோசிஸும் எலிக்காய்ச்சலும் ஒன்றாகப் பரவி 8 பேர் இறந்தார்கள். ஆகவே நீரிழிவு உள்ள ஒருவருக்கு வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தால், "எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது, சேற்றில் வேலை செய்தேன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குடிக்கும் தண்ணீர்

குழாய் வந்ததும் கலங்கல் போகும் வரை திறந்துவிட்டு, பிறகு பிடித்துக் கொதிக்கவிடுங்கள். குமிழி பொங்கக் கொதித்த பின் ஒரு நிமிடம் போதும், அதற்கு மேல் கொதிக்கவிட்டால் காஸ் வீண். அடுப்பு இல்லாத நேரத்தில், துணியில் வடிகட்டிய தெளிவான தண்ணீரில் லிட்டருக்கு வாசனையற்ற பிளீச் இரண்டு சொட்டு விட்டு, கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். கலங்கலாக இருந்தால் நான்கு சொட்டு. லேசாகக் குளோரின் வாடை இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி அதே அளவு விட்டு இன்னும் கால் மணி நேரம் பொறுங்கள்.

தோட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மருந்து ஸ்டோரும் டீசல் டாங்கும் முழுகியிருந்தால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயன் இல்லை. களைக்கொல்லியும் எண்ணெயும் கொதித்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். தண்ணீர் மேல் எண்ணெய்ப்படலம் தெரிந்தாலோ மருந்து வாடை அடித்தாலோ குடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். வெள்ளத்தில் முழுகிய தண்ணீர் ஃபில்டரின் உள்ளிருக்கும் கேட்ரிட்ஜையும் மாற்றியாக வேண்டும், வெளியே கழுவினால் போதாது.

வயிற்றுப்போக்கு வந்தால் முதல் மருந்து தண்ணீரும் உப்பும்தான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கவரில் எழுதிய அளவுத் தண்ணீரில் கரையுங்கள். சில பாக்கெட் 250 மில்லிக்கு, சில ஒரு லிட்டருக்கு, மாற்றிக் கலந்தால் கெடுதல். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு போக்குக்கும் 50 முதல் 100 மில்லி, பெரிய குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி, சிறுசிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. இரத்தம் கலந்த போக்கு, கஞ்சித்தண்ணீர் போல் அடங்காத போக்கு, குழந்தை அழும்போது கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காய்ச்சல் வந்தால்: ஒரு மாதிரி

எலிக்காய்ச்சல் எப்படித் தப்பிப் போகிறது என்பதை நாள் வாரியாகப் பார்த்தால்தான் விளங்கும். பழம் வெட்டும் நாற்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை வீட்டுக்குத் திரும்பி, சிலிப்பரோடு ஸ்டோரைக் கழுவுகிறார், ஜிங்க் தகடு கணுக்காலைக் கீறுகிறது. ஒன்பது நாள் கழித்து, அதாவது அடுத்த வாரம் புதன்கிழமை, திடீரென்று குளிரோடு கடும் காய்ச்சல், தலைவலி. கிருமி நுழைந்து இரண்டு நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் வரலாம், பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில். கணுக்கால் கீறல் அதற்குள் ஆறியிருக்கும், அவரும் மறந்திருப்பார்.

கிளினிக்கில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று மட்டும் சொல்கிறார். டெங்கி பரிசோதனை எடுக்கிறார்கள், இல்லை என்று வருகிறது. பனடோலோடு வீட்டுக்கு வருகிறார். மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்தால் கத்தும் அளவுக்கு வலி, இடுப்பும் வலி, கண் இரண்டும் சிவந்திருக்கிறது, ஆனால் பூளை இல்லை. எலிக்காய்ச்சலுக்கு இவைதான் பெரிய அடையாளங்கள். அவரோ வலி தாங்காமல் கடையில் வேறு வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், டெங்கியாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டும். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும்தான்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிகிறது, வேலைக்குப் போகிறார். இந்த நோய் சிலருக்கு இரண்டு கட்டமாக வரும், நடுவில் ஓரிரு நாள் நிம்மதி தரும். ஏழாம் நாள் சிறுநீர் குறைந்து டீ நிறத்தில் போகிறது, கண் மஞ்சளாகிறது, மூச்சு வாங்குகிறது. இப்போது சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டுவிட்டன. நுரையீரலில் இரத்தம் கசிந்தால் உயிரைக் காப்பாற்றுவதே கஷ்டம்.

முதல் நாளிலேயே அவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இது வேறு வழியில் போயிருக்கும். "டாக்டர், ஒன்பது நாளைக்கு முன்னால வெள்ளத்துல வீடு கழுவுனேன், கால்ல வெட்டு இருந்துச்சு." மலாயில் சொல்ல வேண்டியிருந்தால்: "சாயா சூச்சி ரூமா லெப்பாஸ் பாஞ்சிர், காக்கி அடா லூக்கா." இதைக் கேட்டதும் டாக்டர் எலிக்காய்ச்சலைச் சந்தேகிப்பார். இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. முதல் சில நாளில் உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்காது, பரிசோதனை இல்லை என்றே காட்டலாம். சந்தேகத்தின் பேரில் தொடங்கும் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாள் என்பது இலேசான நோய்க்கான வழக்கமான சிகிச்சை. முற்றிய நிலையில் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகப் பெனிசிலினோ செஃப்ட்ரியாக்ஸோனோ கொடுப்பார்கள். மாத்திரை தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டாலும் ஏழு நாளும் முடிக்க வேண்டும்.

டாக்ஸிசைக்ளினை முன்தடுப்பாக வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் கொடுக்கும் வழக்கமும் உண்டு, சேற்றில் தொடர்ந்து வேலை செய்யும் மீட்புப் படையினருக்கும் துப்புரவாளருக்கும் டாக்டர் முடிவு செய்து கொடுப்பார். கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் இது ஆகாது. மீந்த மாத்திரையை அக்கம்பக்கத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டாம். அந்த மாத்திரை பூட்ஸுக்கு மாற்றும் இல்லை.

2010 டிசம்பர் முதல் எலிக்காய்ச்சல் அறிவித்தே ஆக வேண்டிய நோய். டாக்டர் தெரிவித்ததும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஆள் வருவார், எந்த ஸ்டோர், எந்த லோங்காங் என்று விசாரிப்பார். யாரையும் குற்றம் பிடிக்க அல்ல, அதே சேற்றில் இறங்கிய மற்றவர்களைக் கண்டுபிடிக்க. அவர் வருவதற்கு முன்பே, உங்களோடு சேர்ந்து கழுவிய தம்பி, மாமன் மகன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் போன் போட்டு, கழுவிய நாளிலிருந்து முப்பது நாள் வரை காய்ச்சல் வந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால் டாக்டர் கேட்கும்போது சரியாகச் சொல்ல முடியும்.